கெமிஸ்தம் முதல் கிளவுட் வரை: ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்த கதை

1875ல் தமிழில் ஒரு வேதியியல் நூல் வெளிவந்தது. அதன் பெயர் "கெமிஸ்தம்". யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழ்வழியில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியில் வந்த நூல் வரிசையில் இதுவும் ஒன்று. அந்தப் பெயரை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அதே வரிசையில் வந்த மற்ற இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அறுவை சிகிச்சை நூலுக்கு அவர் வைத்த பெயர் "இரண வைத்தியம்". உடற்கூறு நூலுக்கு "மனுஷ அங்காதிபாதம்". இரண வைத்தியம் என்பது ஊரில் ஏற்கெனவே புழங்கிய சொல். புண், வெட்டு, கட்டி பார்க்கிறவருக்கு இரண வைத்தியர் என்றே பெயர். அங்காதிபாதம் சித்த மருத்துவச் சுவடிகளில் உடலின் உறுப்புகளையும் அளவுகளையும் சொல்லும் ஒரு நூல்வகை. ஆக, இரண்டு இடங்களில் தமிழ் மருத்துவருக்குத் தெரிந்த சொல்லையே எடுத்துக்கொண்ட மனிதர், மூன்றாவது இடத்தில் மட்டும் ஆங்கிலச் சொல்லை எடுத்து, தமிழ் விகுதி போட்டு, நாக்குக்கு ஏற்ற மாதிரி வளைத்துவிட்டார். கெமிஸ்ட்ரி கெமிஸ்தம் ஆனது.

ஏன்? என் ஊகம் இது. அன்றைக்குக் கையில் இருந்த சொற்கள் இரசவாதம், இரசாயனம் போன்றவை. இரசவாதம் என்றால் செம்பைப் பொன்னாக்கும் வித்தை. இரசாயனம் என்றால் காயத்தை வலுப்படுத்தும் மருந்து. மாணவன் அந்தச் சொல்லைப் பார்த்த உடனே "எனக்குத் தெரியுமே" என்று நினைப்பான், ஆனால் அவனுக்குத் தெரிந்தது வேறொன்று. தெரியாத சொல்லாக இருந்தால் கேட்பான். தெரிந்தது போலத் தோன்றும் சொல்லாக இருந்தால் கேட்கமாட்டான். கிறீன் இதை இப்படித்தான் யோசித்தாரா என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் 150 வருஷம் கழித்து நானே இதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டேன். முட்டிய சொல் "கிளவுட் ஸ்டோரேஜ்".

அதற்கு முன்னால் நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1916ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். அந்தப் பெயரிலுள்ள சாஸ்திரம், பரிபாஷை இரண்டும் இன்று அறிவியல், கலைச்சொல் ஆகிவிட்டன. 1940ல் சென்னை மாகாண அரசு வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையில் குழு அமைத்தபோது வடமொழிச் சொற்களா, தமிழ்ச் சொற்களா என்று பெரிய சண்டையே நடந்தது. அப்போதெல்லாம் இது மும்முனைப் போட்டி: தமிழ், வடமொழி, ஆங்கிலம். இப்போது வடமொழி களத்தில் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் ரசாயனம் வேதியியல் ஆனது, பௌதிகம் இயற்பியல் ஆனது. இலங்கையில் இரசாயனவியலும் பௌதிகவியலும் அப்படியே நிலைத்துவிட்டன. அங்கே ஆக்ஸிஜன் "ஒட்சிசன்", நைட்ரஜன் "நைதரசன்". அதுவும் கெமிஸ்தம் போன வழிதான்: சொல்லைக் கடன் வாங்கு, எழுத்தைத் தமிழாக்கு. எந்தச் சொல் நல்ல சொல் என்பதைவிட எந்தச் சொல் பாடப்புத்தகத்தில் ஏறியது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

சரி, மேகத்துக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியாமல் அதைத் தமிழாக்குவதில் பயனில்லை. நான் 90களின் கடைசியில் பி.இ. படித்தபோது, நெட்வொர்க் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் இந்தப் பக்கம் ஒரு கணினி, அந்தப் பக்கம் ஒரு கணினி வரைவார். நடுவில் ஒரு மேகம் வரைவார். அதற்கு அர்த்தம் வானம் இல்லை. "இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு இப்ப நமக்கு வேண்டாம்" என்பதுதான் அர்த்தம். தொலைபேசி நிறுவனத்தின் கம்பிகள், ஸ்விட்சுகள், ரூட்டர்கள் எல்லாம் அந்த மேகத்துக்குள் இருக்கும். எல்லை தெளிவில்லாத, உள்ளே பார்க்கத் தேவையில்லாத ஒரு பகுதிக்கு எளிதாக வரையக்கூடிய உருவம் அது, அவ்வளவுதான்.

அந்தப் படக்குறி மெல்ல மெல்லப் பெயரானது. 1996லேயே காம்பேக் நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்றில் கிளவுட் கம்ப்யூட்டிங் என்ற தொடர் இருக்கிறது. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது 2006ல். அந்த வருஷம் மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. ஆகஸ்டில் கூகுளின் எரிக் ஷ்மிட் ஒரு மாநாட்டில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதே மாதம் அமேசான் ஈசி2வையும் வெளியிட்டது. அதன்பின் எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆக, ஆங்கிலத்தில் கிளவுட் ஒரு விளக்கம் இல்லை. அது பொறியாளர்களின் கரும்பலகைச் சித்திரம். அதை "மேகம்" என்று தமிழாக்கினால் சித்திரம்தான் மொழிபெயர்க்கப்படுகிறது, அர்த்தம் இல்லை. கரும்பலகையைப் பார்த்தவனுக்கு அது நினைவூட்டும். பார்க்காதவனுக்கு அது வானம்.

இதே சிக்கலைத் தமிழ் கணிமை உலகம் வேறொரு சொல்லில் முன்பே சந்தித்திருக்கிறது. மவுஸ். அதை "எலி" என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. நிலைத்தது "சுட்டி". பேச்சில் எல்லோருக்கும் மவுஸ்தான், அது வேறு விஷயம். ஆனால் பாடப்புத்தகத்தில் நின்றது சுட்டி. காரணம், அது உருவத்தை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறது. கடவுச்சொல்லைப் பாருங்கள். பாஸ்வேர்டின் நேரடி மொழிபெயர்ப்புதான், ஆனாலும் அருமையாக வேலை செய்கிறது. ஏனென்றால் ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் வேலையைத்தான் சொல்கிறது. கடந்து போக ஒரு சொல். வேலையைச் சொல்லும் சொல்லை அப்படியே பெயர்க்கலாம். படத்தைச் சொல்லும் சொல்லை அப்படியே பெயர்த்தால் படம் மட்டும்தான் வரும்.

இதை நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கல்வெட்டு, பழைய கணக்கு நோட்டு, ஊர்க் கோயில் செப்பேடு இவற்றைப் படமெடுத்துச் சேர்க்கும் ஒரு சிறிய குழுவில் நான் இருக்கிறேன். குழுவில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். படங்களைச் சேர்க்க ஒரு திறமூலச் செயலி வைத்திருக்கிறோம். போனில் எடுத்த படம் சர்வருக்குப் போகும், மற்றவர் போனிலும் வேண்டுமானால் பார்க்கலாம். செயலியின் தமிழ் இடைமுகம் நான் குழுவுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருந்தது. செய்தவர் தமிழ்ப் பற்றுள்ளவர், கவனமானவர், கலைச்சொல் பட்டியல்களைப் பார்த்துத்தான் செய்திருந்தார். அதில் இரண்டு வரிகள் இப்படி இருந்தன:

```
msgid "Remove from device"
msgstr "சாதனத்திலிருந்து அகற்று"

msgid "Delete from cloud storage"
msgstr "மேகச் சேமிப்பகத்திலிருந்து நீக்கு"
```

இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. அகராதிப்படியும் இல்லை.

குழுவிலிருந்த ஒரு தமிழாசிரியர் ஐயாவின் போனில் இடம் நிரம்பிவிட்டது. அவர் போனின் மொழி தமிழ். "சேமிப்பகம் நிரம்பிவிட்டது" என்று போன் சொன்னது. செயலியைத் திறந்தார். ஒரு பொத்தானில் சாதனம் என்று இருந்தது, இன்னொன்றில் சேமிப்பகம் என்று இருந்தது. போன் நிரம்பிவிட்டது என்று சொன்னது சேமிப்பகத்தைத்தானே? இரண்டாவதை அழுத்தினார். 212 படங்கள் சர்வரிலிருந்து போயின. அடுத்த ஒத்திசைவில் போனிலிருந்தும் போயின. இடம் காலியானது, அவருக்குத் திருப்தி. அழித்த கோப்புகளை எங்கள் சர்வர் 30 நாள் வைத்திருக்கும். இரண்டாம் மாதம்தான் யாரோ கவனித்தார்கள்.

பெரும்பாலான படங்கள் மற்றவர் போன்களில் கிடைத்தன. ஒரு குளத்துப் படிக்கட்டில் இருந்த நாலு வரித் துண்டுக் கல்வெட்டு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. திரும்பப் போய் எடுக்கலாம் என்று பார்த்தால், படித்துறையைப் புதுப்பித்து அந்தப் படி மேல் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஐயா என்னிடம் போனில் சொன்னது: "தம்பி, மேகம்னா ஏதோ செயலியோட பேருன்னு நினைச்சேன். மேகச் சேமிப்பகம்னா மேகம்கிற செயலி நம்ம போன்ல பிடிச்சுக்கிட்டிருக்கிற இடம்னு."

அவர் படித்ததில் தப்பே இல்லை. "அகம்" சேர்ந்தால் தமிழில் ஓர் இடம். நூலகம், மருந்தகம், உணவகம் மாதிரி. எங்கே உள்ள இடம் என்பதை முன்னால் இருக்கும் சொல்தான் சொல்லவேண்டும். முன்னால் இருந்தது மேகம். அது எங்கே என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் இடைமுகத்தைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. குழுவில் உடனே இரண்டு கட்சி. ஒரு கட்சி "பேசாம கிளவுட்னு போடுங்க, எல்லாருக்கும் புரியும்" என்றது. இன்னொரு கட்சி "மேகம் வடசொல், முகில்னு மாத்துங்க" என்றது. முகில் அழகான சொல், ஆனால் அதுவும் வானத்தில்தான் இருக்கிறது. (மேகம் என்றால் சித்த மருத்துவத்தில் ஒரு நோய் வகை. மேகவெட்டை, மேகநோய் எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு சித்த மருத்துவ நண்பர் "மேகச் சேமிப்பகம்" என்பதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.)

நான் செய்தது எளிமையான ஒரு சோதனை. திரையைத் தாளில் அச்சடித்து, பொத்தான்களில் மட்டும் வெவ்வேறு சொற்களைப் போட்டு, ஆறு பேரிடம் காட்டினேன். "புரியுதா?" என்று கேட்கவே கூடாது. எல்லோரும் புரியுது என்றுதான் சொல்வார்கள். கேட்கவேண்டியது இது: "இதை அழுத்தினா என்ன ஆகும்? படம் எங்க இருக்கும், எங்க இருக்காது?"

மேகச் சேமிப்பகத்துக்கு ஆறு பேரும் தயங்காமல் பதில் சொன்னார்கள். அதில் நாலு பதில் தவறு. கிளவுட் ஸ்டோரேஜுக்கு இளையவர்கள் இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். மீதி நாலு பேரில் மூன்று பேர் பதில் சொல்லவில்லை, "கிளவுட்னா என்ன?" என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. தெரியாத கடன்சொல் ஒரு மூடிய கதவு. மூடியிருப்பதாவது தெரிகிறது, தட்டிக் கேட்கிறார்கள். தெரிந்தது போலத் தோன்றும் தமிழ்ச் சொல் சுவரில் வரைந்த கதவு. கெமிஸ்தம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அதற்காகக் கிளவுட்டே போதும் என்று விட்டுவிடவும் முடியாது. திருப்பிக் கேட்ட மூன்று பேரும் தாளைப் பிடித்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்ததால் கேட்டார்கள். தனியாக, ஊரில், போன் நிரம்பிய எரிச்சலில் இருக்கும்போது யாரைக் கேட்பார்கள்?

கடைசியில் அந்த இரண்டு வரிகளும் இப்படி ஆயின:

```
msgid "Remove from device"
msgstr "இந்த போனிலிருந்து மட்டும் நீக்கு"

msgid "Delete from cloud storage"
msgstr "எல்லா இடத்திலிருந்தும் அழி"
```

கவனித்தீர்களா, இரண்டாவது வரியில் கிளவுடும் இல்லை, மேகமும் இல்லை. அந்தப் பொத்தான் உண்மையில் செய்கிற வேலை எல்லா இடத்திலிருந்தும் அழிப்பது. மூலமே அதைச் சரியாகச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் படிப்பவன் ஒத்திசைவு பற்றித் தெரிந்தவன் என்று அது நம்பிக்கொண்டிருந்தது. மேகமா கிளவுடா என்று இரண்டு வாரம் சண்டை போட்ட இடத்தில் இரண்டுமே தேவைப்படவில்லை. புதிய வரிகளை ஐயாவிடம் காட்டினேன். "இது நான் தொடவே மாட்டேன்" என்றார், இரண்டாவதைக் காட்டி.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படித் தப்பிக்க முடியாது. அமைப்புகள் பக்கத்தில் அந்த வசதிக்கு ஒரு பெயர் வேண்டும், அது பெயர்ச்சொல்லாக இருக்கவேண்டும். அங்கே "இணையச் சேமிப்பு" என்று வைத்தோம். படத்தை விட்டுவிட்டு, எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. சுட்டியின் வழி. சோதனையில் ஆறில் ஐந்து பேர் சரியாகச் சொன்னார்கள். அடியிலேயே சிறிய எழுத்தில் "கிளவுட் ஸ்டோரேஜ் என்று சொல்வது இதைத்தான்" என்று ஒரு வரி போட்டோம். கடைக்காரர், பேரன், யூடியூப் வீடியோ எல்லாம் அந்தச் சொல்லைத்தான் சொல்லப்போகிறார்கள். அவர்களோடு பேச அது தெரிந்தாகவேண்டும்.

இணையச் சேமிப்புக்கும் எல்லை உண்டு. ஒரு நிறுவனம் தன் கட்டடத்துக்குள்ளேயே, வெளி இணையத்தோடு தொடர்பில்லாமல் வைத்திருக்கும் தனியார் கிளவுடுக்கு இந்தச் சொல் பொருந்தாது. வாடகைக்கு எடுத்து, தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்து, பயன்படுத்திய அளவுக்குப் பணம் கட்டுகிற ஏற்பாடுதான் எங்கள் தொழிலில் கிளவுட். சேமிப்பு அதில் ஒரு பகுதி மட்டும். அதைப் பற்றி எழுதும்போது நான் கிளவுட் என்றே எழுதுகிறேன், தயக்கமில்லாமல். "மேகக் கணிமை" என்று எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. படிப்பவர் ஏற்கெனவே கரும்பலகையைப் பார்த்தவர் என்றால் இரண்டும் ஒன்றுதான்.

கடன்சொல் என்று முடிவு செய்தாலும் வேலை முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். எப்படி எழுதுவது? கிளவுட், க்ளவுட், க்ளௌட் என்று மூன்று விதமாக எங்கள் ஆவணங்களிலேயே இருந்தது. தமிழில் சொல்லின் முதலில் மெய் வராது, அதனால் "கி" சரி. கடைசி எழுத்துதான் தொல்லை. சொல்லின் கடைசியில் "ட்" என்று நின்றால் வாய் அதை டிக்கெட், பாஸ்போர்ட் மாதிரி வல்லோசையாகத்தான் சொல்லும். ஆங்கிலத்தில் அது மெல்லிய ஒலி. நம் ஊர் பேச்சு இதற்கு ரொம்ப நாளைக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது: ரோடு, கார்டு, போர்டு. கடைசியில் உகரம் போடு. அந்தக் கணக்கில் இது "கிளவுடு" ஆகவேண்டும். வேற்றுமை உருபு சேரும்போதும் கார்டில், போர்டில் மாதிரி கிளவுடில் என்று இயல்பாக வரும். "கிளவுட்டில்" என்று இரட்டித்து எழுதினால் ஒலி மாறிப்போகிறது. நான் கிளவுடு என்று எழுதலாம் என்றேன். குழுவில் ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை, "பாமரத்தனமா இருக்கு" என்றார்கள். கார்டு என்று தினமும் சொல்கிற வாய்கள்தான்! பெயராக நிற்கும்போது கிளவுட், உருபு சேரும்போது கிளவுடில் என்று சமரசம் ஆனது. இந்தக் கட்டுரையிலும் அதையே பின்பற்றியிருக்கிறேன்.

உருபு என்றதும் இன்னொன்று. செயலிகளில் இடத்தின் பெயரைப் பிறகு நிரப்பும் வரிகள் இருக்கும்:

```
msgid "Saved to %s"
msgstr "%s-இல் சேமிக்கப்பட்டது"
```

இதில் கிளவுட் வந்து உட்கார்ந்தால் "கிளவுட்-இல்" என்று ஏதோ ஓடிவிடும். தமிழ்ச் சொல் வந்தால் "மேகம்-இல்" என்று நிற்கும், மேகத்தில் என்று ஆகாது. "போன்-இல்", "நினைவகம்-இல்" எல்லாம் இப்படித்தான். தமிழ்ச் சொல் உருபு ஏற்கும்போது தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். அது நிரலுக்குத் தெரியாது. பல செயலிகளில் தமிழ்ச் சொல் செயற்கையாகத் தெரிவதற்குச் சொல் காரணமில்லை, இந்த ஒட்டுவேலைதான் காரணம். பிறகு ஆட்கள் "தமிழ்ல போட்டா படிக்கவே முடியல" என்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். இதற்கு மருந்து உருபே தேவைப்படாத வரி:

```
msgstr "சேமித்த இடம்: %s"
```

உதவிப் பக்கத்தின் தேடலில் மேகம், முகில், கிளவுட், க்ளவுட், க்ளௌட், கிளவுடு, அப்புறம் ஆங்கில எழுத்தில் `cloud`, எதை அடித்தாலும் இணையச் சேமிப்பு பக்கத்துக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். போன வாரம் பதிவேட்டைப் பார்த்தபோது அதிகம் தேடப்பட்டது இதில் எதுவும் இல்லை. "போட்டோ எங்க போச்சு" என்பதுதான். அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.